ஓடும்போது இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது? கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: சார், ஓடும்போது துடிப்பு 70-லிருந்து 200-க்குப் போகுது. அப்போ கார்டியாக் அவுட்புட்டும் மூணு மடங்குதானே?

கார்டியாக் அவுட்புட் என்பது இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவு. துடிப்பு மட்டும் மாறினால் நீங்கள் சொல்வதுபோலத்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தமும், அதாவது ஸ்ட்ரோக் வால்யூமும் கூடுகிறதே! ஓய்வில் 70 துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் 70 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு 4.9 லிட்டர். பெரிய பயிற்சி இல்லாத பையன் முழு மூச்சாக ஓடும்போது 200 துடிப்பு, 105 மில்லி என்றால் 21 லிட்டர். நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது.

அந்தக் கூடுதல் 35 மில்லி எங்கிருந்து வருகிறது? கால் தசைகள் சுருங்கும்போது சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளுகின்றன. கீழறை அதிகமாக நிரம்பி விரிவதால் பலமாகச் சுருங்குகிறது. அட்ரினலினும் சேர்ந்துகொள்வதால் உள்ளே தங்கும் ரத்தம் குறைகிறது.

உடற்கல்வி ஆசிரியர்: வேகம் கூடக் கூட ரெண்டுமே கடைசி வரைக்கும் ஏறும்னுதான் பசங்களுக்குச் சொல்றேன்.

துடிப்புக்கு அது சரி. ஸ்ட்ரோக் வால்யூம் பலருக்கும் தங்கள் முழுத் திறனில் பாதியை எட்டும்போதே ஏறக்குறைய உச்சத்துக்கு வந்துவிடும். 70 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.86 வினாடி கிடைக்கிறது. 200-ல் வெறும் 0.3 வினாடி. இதில் அதிகம் அடிவாங்குவது இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம்தான். அதற்கு மேல் அவுட்புட் கூடுவது பெரும்பாலும் துடிப்பால்தான். தேர்ந்த ஓட்டக்காரர்களிடம் மட்டும் கடைசி வரை ஏறுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, சில காட்டவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

கால்பந்து ஆடும் மாணவர்: அண்ணா, காலையில எழுந்ததும் எண்ணினா எனக்கு 52தான். அம்மா பயப்படுறாங்க.

52 துடிப்பு, 95 மில்லி என்று போட்டுப் பாருங்கள்: அதே 4.9 லிட்டர். பயிற்சியால் கீழறை பெரிதாகியிருந்தால் ஓய்வில் குறைவான துடிப்பே போதும். உச்சத் துடிப்பு பயிற்சியால் அவ்வளவாக மாறாது. 195 துடிப்புக்கு 150 மில்லி கிடைத்தால் 29 லிட்டர் வந்துவிடும். ஆனால் தலைசுற்றல், மயக்கம், வழக்கத்தைவிட அதிக மூச்சுவாங்கல் இருந்தால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

இன்னொருவர்: மத்தியான வெயில்ல ஒரே வேகத்துலதான் ஓடுறேன். ஆரம்பத்துல 150 காட்டின வாட்ச் முக்கால் மணி நேரத்துல 165 காட்டுது. பிரஷர் ஏறுதுன்னு அர்த்தமா?

பிரஷர் வேறு, அதை வாட்ச் காட்டும் துடிப்பை வைத்துச் சொல்ல முடியாது. வியர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவு குறைகிறது, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போகிறது. இதயத்துக்குத் திரும்புவது குறைவதால் 110 மில்லி 100 ஆகிறது என்று வையுங்கள். 150 × 110 என்றாலும் 165 × 100 என்றாலும் 16.5 லிட்டர்தான். துடிப்பு முதலில் கூடி, நிரம்பும் நேரம் குறைவதும் ஒரு காரணம் என்பார்கள். எதன் பங்கு அதிகம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அதே ஓட்டத்தை அதிகாலைக் குளிரில், இடையிடையே தண்ணீர் குடித்து ஓடிப் பாருங்கள். ஏற்றம் குறைந்தால் சூடும் நீரிழப்பும்தான் காரணம்.