ஆப்பிள் பிரிந்ததும் டவ் ஜோன்ஸில் எடை குறைந்தது. நிஃப்டியில் அப்படி நடக்குமா?

கேள்வி: நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பணம் போட்டு வருகிறேன். ஆப்பிள் பங்கு நான்காகப் பிரிந்தபோது டவ் ஜோன்ஸில் அதன் வெயிட்டேஜ் 12 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கியது என்று படித்தேன். நிஃப்டியில் இருக்கும் பெரிய பங்கு ஒன்று பிரிந்தால் என் ஃபண்டுக்கும் அதே கதிதானா? எக்செல்லில் பழைய விலைகளைப் போட்டு இரண்டு இண்டெக்ஸையும் நானே கணக்கிட்டுப் பார்க்கிறேன், பிரிப்பு நாளில் மட்டும் கணக்கு உதைக்கிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் ஃபண்டுக்கு ஒன்றும் ஆகாது. நிஃப்டியில் உள்ள பங்கு இரண்டாகப் பிரிந்தாலும் பத்தாகப் பிரிந்தாலும், அந்தக் காரணத்தால் இண்டெக்ஸும் அசையாது, அந்தப் பங்கின் வெயிட்டேஜும் அசையாது. டவ் ஜோன்ஸில் அசைந்ததற்குக் காரணம் ஆப்பிள் கம்பெனி இல்லை, அந்த இண்டெக்ஸைக் கட்டியிருக்கும் முறைதான்.

1896-ல் சார்ல்ஸ் டவ் செய்தது மிக எளிமையான வேலை. 12 பங்குகளின் விலையைக் கூட்டினார், 12-ஆல் வகுத்தார். இன்று 30 பங்குகள். விலைகளைக் கூட்டுவது அப்படியே இருக்கிறது, வகுக்கும் எண் மட்டும் 30 இல்லை. டிவைசர் என்று அழைக்கப்படும் அந்த எண், பங்கு பிரிந்தாலோ பட்டியலில் ஒரு கம்பெனி போய் இன்னொன்று வந்தாலோ மாற்றப்படும். எதற்காக? அன்று காலை எந்த வாங்கல் விற்றலும் நடக்காமலேயே இண்டெக்ஸ் குதித்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, டவ் ஜோன்ஸில் ஒரு பங்கின் செல்வாக்கு அதன் ஒரு பங்கு விலையைப் பொறுத்தது. கம்பெனி எவ்வளவு பெரியது என்று அது பார்ப்பதே இல்லை.

இதை மூன்று பங்குகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ‘அ’ என்ற பங்கின் விலை 400 ரூபாய், ‘ஆ’ 100, ‘இ’ 100. கூட்டினால் 600, டிவைசர் 3, இண்டெக்ஸ் 200. இப்போது ‘அ’ நான்காகப் பிரிகிறது, அதன் விலை 100 ஆகிறது. கூட்டுத்தொகை 300-க்கு இறங்கிவிட்டது. இண்டெக்ஸ் 200-லேயே நிற்க வேண்டுமானால் டிவைசரை 1.5 ஆக்க வேண்டும். அதைச் செய்தாயிற்று, இண்டெக்ஸ் அசையவில்லை. இதுவரை எல்லாம் சரி.

மாற்றம் மறுநாள்தான் தெரியும். ‘அ’ 10 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். பிரிக்காமல் இருந்திருந்தால் 400 ரூபாய் 440 ஆகி, 640-ஐ 3-ஆல் வகுத்து இண்டெக்ஸ் 213.33-க்குப் போயிருக்கும். பிரித்த பிறகு 100 ரூபாய் 110 ஆகிறது, 310-ஐ 1.5-ஆல் வகுத்தால் 206.67 தான். அதே கம்பெனி, அதே ஏற்றம், பாதிப் பலன். ‘ஆ’வுக்கு நேர் எதிர். அதன் 10 சதவீத ஏற்றம் முன்பு இண்டெக்ஸை 203.33-க்குத்தான் தூக்கியிருக்கும், இப்போது 206.67-க்குத் தூக்குகிறது. ‘ஆ’ கம்பெனி எதுவுமே செய்யவில்லை, ஆனாலும் அதன் செல்வாக்கு இரட்டிப்பாகிவிட்டது. டிவைசர் காப்பாற்றுவது அன்றைய புள்ளியை மட்டும்தான்; அதற்குப் பிறகு யார் எவ்வளவு இழுப்பார்கள் என்பதை அதனால் காப்பாற்ற முடியாது.

இப்படிப்பட்ட இண்டெக்ஸைப் பின்தொடரும் ஃபண்டுக்கு இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. அது ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே எண்ணிக்கையில் பங்குகளை வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்த ஃபண்டில் பிரிப்புக்குப் பின் ‘அ’ நான்கு, ‘ஆ’ ஒன்று, ‘இ’ ஒன்று இருக்கும். அது ‘அ’வில் இரண்டை விற்று, ‘ஆ’வில் ஒன்றும் ‘இ’யில் ஒன்றும் வாங்கி, ஆளுக்கு இரண்டாக ஆக்க வேண்டும். கம்பெனியின் வியாபாரத்தில் எதுவும் மாறாதபோது முதலீட்டாளரின் பணம் இடம் மாறுகிறது. இந்த முறையில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

இப்போது நீங்கள் படித்த செய்திக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை. ஆப்பிள் 499.23 டாலரில் முடிந்தது, டவ் ஜோன்ஸ் 28,653.87-ல் முடிந்தது. டிவைசர் அப்போது சுமார் 0.1474. ஒன்றுக்கும் குறைவான எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகும் அல்லவா? அதனால் எந்தப் பங்கு ஒரு டாலர் ஏறினாலும் இண்டெக்ஸ் 6.78 புள்ளி ஏறும். இந்தக் கணக்கில் ஆப்பிள் மட்டும் ஏறக்குறைய 3,386 புள்ளிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது, அதாவது 11.8 சதவீதம். திங்கட்கிழமை ஆகஸ்ட் 31 அன்று ஒரு பங்கு நான்காகி, விலை 124.81 என்று தொடங்க வேண்டியதாயிற்று. வெயிட்டேஜ் 3 சதவீதத்துக்கும் கீழே போனது.

இதனால் இண்டெக்ஸில் தொழில்நுட்பத் துறையின் அளவே சுருங்கிப் போவதால், இண்டெக்ஸை நடத்துபவர்கள் அதே நாளில் மூன்று கம்பெனிகளை மாற்றினார்கள். எக்ஸான் மொபில், ஃபைசர், ரேதியான் வெளியே போயின. சேல்ஸ்ஃபோர்ஸ், ஆம்ஜென், ஹனிவெல் உள்ளே வந்தன. 1928-லிருந்து பட்டியலில் இருந்த எண்ணெய்க் கம்பெனி வெளியேற, தூண்டுகோலாக இருந்தது வேறொரு கம்பெனியின் பங்குப் பிரிப்பு!

டிவைசரில் இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலர் குழம்பும் இடம். பிரிப்பு மட்டும் நடந்திருந்தால் டிவைசர் சுமார் 0.1344-க்கு இறங்கியிருக்கும். ஆனால் உள்ளே வந்த மூன்றும் விலை உயர்ந்த பங்குகள், வெளியே போன மூன்றும் விலை குறைந்தவை. கூட்டுத்தொகை பெருகியதால் டிவைசர் உண்மையில் 0.1520 என்று ஏறியது. "பங்கு பிரிந்தால் டிவைசர் குறையும் என்றார்களே, ஏறியிருக்கிறதே" என்று யாராவது கேட்டால் விஷயம் இதுதான்.

அந்தத் திங்கட்கிழமை ஆப்பிள் 129.04 டாலரில் முடிந்தது, 3.4 சதவீத ஏற்றம். டவ் ஜோன்ஸுக்கு அதனால் கிடைத்தது ஏறக்குறைய 28 புள்ளிகள். பிரிப்பும் மாற்றங்களும் இல்லாமல் பழைய நிலையே இருந்திருந்தால் அதே ஏற்றம் சுமார் 115 புள்ளிகளைக் கொடுத்திருக்கும்.

எஸ் அண்ட் பி 500-இலும் அன்று அதே ஆப்பிள்தான் இருந்தது. அங்கே எதுவும் மாறவில்லை. அது சந்தை மதிப்பை, அதாவது விலையையும் பங்கு எண்ணிக்கையையும் பெருக்கி வரும் தொகையை வைத்து எடை போடுகிறது. விலை நான்கில் ஒன்றாகிறது, எண்ணிக்கை நான்கு மடங்காகிறது, பெருக்கினால் பழைய தொகையே வருகிறது. டிவைசரைத் தொட வேண்டிய தேவையே எழாது.

நிஃப்டியும் சென்செக்ஸும் இந்த வகைதான். ப்ரமோட்டர்கள் கையில் இருப்பதை ஒதுக்கிவிட்டு, சந்தையில் புழங்கக்கூடிய பங்குகளை மட்டும் எண்ணும் ஃப்ரீ ஃப்ளோட் முறை. சென்செக்ஸ் 2003-லிருந்தும் நிஃப்டி 2009-லிருந்தும் இப்படிக் கணக்கிடப்படுகின்றன. பிரிப்பு நடந்தால் ப்ரமோட்டர் பங்கும் பொதுமக்கள் பங்கும் ஒரே விகிதத்தில் பெருகுவதால் இதிலும் சிக்கல் இல்லை. 2019 செப்டம்பரில் எச்.டி.எஃப்.சி. பேங்க் தன் பங்கின் முகமதிப்பை 2 ரூபாயிலிருந்து 1 ரூபாய் ஆக்கியது. விலை பாதியானது, நிஃப்டியில் அதன் எடை அப்படியே நின்றது. ஃபண்டுகள் அதற்காக ஒரு பங்கைக்கூட விற்கவில்லை, டீமேட்டில் எண்ணிக்கை மட்டும் இரட்டிப்பானது. போனஸ் பங்குக்கும் இதே கணக்குதான். ரைட்ஸ் வெளியீடு மட்டும் வேறு: அதில் கம்பெனிக்குள் புதுப் பணம் வருகிறது, சந்தை மதிப்பு உண்மையிலேயே மாறுகிறது, அதனால் அங்கே இண்டெக்ஸ் கணக்கில் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

விலையை வைத்து எடை போட்டால் நம் ஊரில் என்ன ஆகும் என்று பார்க்க, சென்னையின் எம்.ஆர்.எஃப். போதும். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. அப்போது ரிலையன்ஸ் ஒரு பங்கு ஏறத்தாழ 2,500 ரூபாய். இரண்டையும் ஒரு விலைவழி இண்டெக்ஸில் போட்டால் எம்.ஆர்.எஃப். ரிலையன்ஸைவிட 40 மடங்கு கனமாக இருக்கும். சந்தை மதிப்பிலோ ரிலையன்ஸ்தான் ஏறக்குறைய 40 மடங்கு பெரியது, ஏனென்றால் எம்.ஆர்.எஃப்.-இல் மொத்தம் இருப்பது சுமார் 42.4 லட்சம் பங்குகள், ரிலையன்ஸில் அப்போது 676 கோடி. டவ் ஜோன்ஸ் மிக விலை உயர்ந்த பங்குகளைச் சேர்க்கத் தயங்குவது இதனால்தான். ஆப்பிளே 2014-ல் ஏழாகப் பிரிந்து, விலை 100 டாலருக்குக் கீழே வந்த பிறகு, 2015 மார்ச்சில்தான் உள்ளே வந்தது.

ஜப்பானின் நிக்கேய் 225-ம் விலைவழி இண்டெக்ஸ்தான், ஆனால் பெரிய பிரிப்பு நடந்தால் அங்கே டிவைசருக்குப் பதில் அந்தப் பங்கின் விலையோடு பெருக்கும் ஒரு எண்ணை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எடை குறைவதில்லை. விலைவழி என்றாலே டவ் ஜோன்ஸ் போலத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் எக்செல். இணையத்தில் இறக்கும் பழைய விலைகள் பெரும்பாலும் பிரிப்புக்காகத் திருத்தப்பட்டவை. 2020 ஆகஸ்ட் 28-க்கு ஆப்பிள் விலை என்று 499.23 வராது, 124.81 அல்லது டிவிடெண்டையும் கழித்து அதற்கும் கீழே ஒரு எண் வரும். டவ் ஜோன்ஸ் கணக்கில் அதைப் போட்டு அன்றைய டிவைசரால் வகுத்தால் ஆப்பிளால் மட்டும் 2,500 புள்ளிகளுக்கு மேல் குறையும். 2024-ல் மூன்றாகப் பிரிந்த வால்மார்ட் போன்றவை இன்னும் குறைக்கும். விலைவழி இண்டெக்ஸுக்கு அன்றன்று சந்தையில் நின்ற திருத்தாத விலையும், அன்றைய டிவைசரும், அன்றைய 30 கம்பெனிகளும் வேண்டும்.

நிஃப்டிக்கு இரண்டு வழியும் சரி: திருத்தாத விலை என்றால் அன்றைய பங்கு எண்ணிக்கை, திருத்திய விலை என்றால் அதே விகிதத்தில் பெருக்கிய எண்ணிக்கை. ஒன்றின் விலையை எடுத்து மற்றதன் எண்ணிக்கையோடு பெருக்கினால்தான் வினை. கண்டுபிடிப்பது எளிது: பிரிப்பு நாளில் அந்த ஒரு பங்கின் சந்தை மதிப்பு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பிரிப்பு விகிதத்திலேயே ஏறியோ இறங்கியோ காட்டினால், சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை, உங்கள் கணக்கில் பிரிப்புக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் கலந்துவிட்டன. அந்த வரிசையின் பங்கு எண்ணிக்கை எந்தத் தேதியில் எடுத்தது என்று முதலில் பாருங்கள்.