இன்புட் எடுக்கும் முன்: பர்ச்சேஸ் ரிஜிஸ்டரும் 2பி-யும் – வாசகர் கேள்விகள்

பைப், ஃபிட்டிங்ஸ் வியாபாரம் செய்கிறேன். போன மாதம் என் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர்படி இன்புட், அதாவது வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொள்ள வேண்டிய வரி, 2,46,000 ரூபாய். சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து போர்ட்டல் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் 2,51,400 இருக்கிறது. 2பி-யில் கூடுதலாகத்தானே இருக்கிறது, கணக்கில் உள்ளபடி 2,46,000 எடுத்துக்கொள்ளலாமா?
– ஈரோடு வாசகர்

எடுக்கக் கூடாது. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் கண்ணில் படாமல் போகின்றன. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் கேட்பது பில்வாரியான பொருத்தம். ஒவ்வொரு பில்லும் சப்ளையரின் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 வழியாக உங்கள் 2பி-க்கு வந்திருக்க வேண்டும். பில் கையில் இருக்க வேண்டும், சரக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பில்வாரியாகப் பிரித்தேன். இரண்டிலும் இருக்கும் பில்களின் வரி 2,19,000. உங்கள் கணக்கில் மட்டும் இருப்பது 27,000. 2பி-யில் மட்டும் இருப்பது 32,400.

முதலில் அந்த 27,000. இதில் 18,000 ரூபாய், காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சப்ளையருடையது. பில் இன்னும் 2பி-க்கு வரவில்லை. மீதி 9,000 ரூபாய் பில்லை சப்ளையர் உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமல், சில்லறை விற்பனையோடு சேர்த்துக் காட்டியிருக்கிறார். "ஃபைல் பண்ணிட்டேன் சார்" என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் உங்களுக்கு வந்து சேராது. அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல் அவர் திருத்த வேண்டும். அதுவரை இந்த 27,000-ஐத் தொடக் கூடாது.

இனி 2பி-யில் மட்டும் உள்ள 32,400. இதில் 14,400 ரூபாய் பில்லின் தேதி மாதக் கடைசி, சரக்கு இறங்கியதோ அடுத்த மாதம் 3-ம் தேதி. அதனால் இந்த மாதம் எடுக்க முடியாது. 10,800 ரூபாய் குடோன் வாடகைக்கான வரி. வாடகையை பேங்க்கில் போட்டதோடு விட்டுவிட்டீர்கள், ஓனர் கொடுத்த பில்லை என்ட்ரி போடவில்லை. அந்த பில்லைத் தேடி எடுத்து என்ட்ரி போட்டால் இன்புட் உங்களுடையது. மீதி 7,200 நீங்கள் வாங்காத சரக்கு. யாரோ தவறுதலாக உங்கள் எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

ஆக, இந்த மாதம் எடுக்க வேண்டியது 2,19,000 + 10,800 = 2,29,800. நீங்கள் நினைத்தபடி போட்டிருந்தால் தகுதியில்லாத 27,000-ஐ எடுத்து, தகுதியுள்ள 10,800-ஐ விட்டிருப்பீர்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யில் எடுத்த இன்புட் 2பி-யைவிட வரம்புக்கு மேல் கூடினால்தான் போர்ட்டல் டிஆர்சி-01சி என்ற அறிவிப்பை அனுப்பி 7 நாளில் பதில் கேட்கும். உங்கள் மொத்தம் 2பி-யைவிடக் குறைவு என்பதால் அது வந்திருக்காது. பின்னால் அதிகாரி பில்வாரியாகப் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தத் தொகையைப் பயன்படுத்தியிருந்தால் 18% வட்டியும் சேரும்.

இதைச் செய்ய வேண்டிய இடம், போர்ட்டலில் பில்களை ஏற்கவும் மறுக்கவும் 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் பக்கம். 14,400 பில்லை ‘பெண்டிங்’ என்றும், 7,200 பில்லை ‘ரிஜெக்ட்’ என்றும் வையுங்கள். எதுவும் செய்யாமல் விட்ட பில்லை ஏற்றுக்கொண்டதாகவே போர்ட்டல் எடுத்துக்கொள்ளும். 14-ம் தேதி 2பி உருவான பிறகு மாற்றினால், 2பி-யை மறுபடி கணக்கிடச் சொல்லும் பட்டனை அழுத்தியாக வேண்டும். அப்போது 2பி-யும் 2,29,800 காட்டும், அதுவே 3பி-க்கும் போகும். சரக்கு வந்ததும் பெண்டிங்கில் வைத்ததை ஏற்றுக்கொள்ள மறக்காதீர்கள்.

எக்செல்லில் பில் நம்பரை வைத்து ஒப்பிட்டால் பாதிக்கு மேல் பொருந்தவில்லை என்று வருகிறது. பில்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.
– கரூர் வாசகர்

சப்ளையர் ‘KT/0457/24-25’ என்று ஏற்றியிருப்பார், உங்கள் கணக்கர் ‘457’ என்று போட்டிருப்பார். இதைவிடத் தொல்லை எக்செல்லே செய்வது. 0457 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும், ‘5/24’ என்ற பில் நம்பரைத் தேதியாக மாற்றிவிடும். பில் நம்பர் உள்ள நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிட்டுப் பிறகு என்ட்ரி போடுங்கள்.

முதல் சுற்றில் பில் நம்பரை விட்டுவிடுங்கள். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் வரிக்கு முந்தைய மதிப்பையும் சேர்த்து இரண்டு ஷீட்டிலும் ஒரு அடையாளம் உண்டாக்குங்கள். A நெடுவரிசையில் ஜிஎஸ்டி எண், D நெடுவரிசையில் மதிப்பு இருந்தால்:

```
=A2&"|"&ROUND(D2,0)
```

பெரும்பாலான பில்கள் இதிலேயே பொருந்திவிடும். ஒரே சப்ளையரிடம் ஒரே மதிப்பில் இரண்டு பில் இருந்தால் மட்டும் அடையாளம் இரண்டு முறை வரும். அவற்றைத் தேதியும் பில் நம்பரும் பார்த்துக் கையால் பிரியுங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான வித்தியாசம், அதை மட்டும் சப்ளையரிடம் கேளுங்கள்.

காலாண்டு ரிட்டர்ன் போடும் சப்ளையரிடம் ஏப்ரலில் வாங்கிய சரக்குக்கு மே மாதமும் 2பி-யில் எதுவும் வரவில்லை. இன்புட் போய்விட்டதா?
– தஞ்சாவூர் வாசகர்

போகவில்லை, தள்ளிப்போகிறது. அவர் விரும்பினால் முதல் இரண்டு மாத பில்களை ஐஎஃப்எஃப் வசதியில் அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள் ஏற்றலாம், ஆனால் கட்டாயமில்லை. ஏற்றாவிட்டால் ஏப்ரல் பில் ஜூன் மாத 2பி-யில், அதாவது ஜூலை 14-ல்தான் தெரியும். அதுவரை அந்த வரியைத் தனி லெட்ஜரில் ‘வர வேண்டிய இன்புட்’ என்று வையுங்கள், வந்த மாதம் எடுங்கள். நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 கடைசி நாள். அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்த நாளே கடைசி. ஏப்ரலில் அந்த லெட்ஜரைத் திறந்து பார்ப்பவருக்குச் சப்ளையரைத் துரத்த நேரம் இருக்கும், நவம்பரில் திறப்பவருக்கு இருக்காது.

பெங்களூருவில் ஹோட்டலில் தங்கிய பில் 2பி-யில் இருக்கிறது. எடுக்கலாமா?
– கோவை வாசகர்

அந்த பில்லில் இருப்பது கர்நாடகத்தின் மாநில வரி. உங்கள் பதிவு தமிழ்நாட்டில் இருப்பதால் எடுக்க முடியாது, 2பி-யும் அதைத் தகுதியில்லாத பகுதியில்தான் காட்டும். ஆனால் பிரிவு 17(5) தடுக்கும் சாப்பாடு, கார் போன்ற பில்களை 2பி இப்படிப் பிரித்துக் காட்டாது. அவற்றை நீங்களே கழிக்க வேண்டும்.

பில் 2பி-யில் பொருந்திவிட்டது, பணமும் கொடுத்துவிட்டேன். சப்ளையர் 3பி போடவே இல்லை என்கிறார்கள். எனக்குப் பாதிப்பு உண்டா?
– விருதுநகர் வாசகர்

உண்டு. 2பி, சப்ளையரின் ஜிஎஸ்டிஆர்-1-லிருந்து வருவது. அவர் வரி கட்டினாரா என்று அது பார்ப்பதில்லை. விதி 37ஏ-யின்படி, 2024-25 பில்லுக்கான 3பி-யை அவர் 2025 செப்டம்பர் 30-க்குள் போடாவிட்டால், எடுத்த இன்புட்டை நீங்கள் நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும். அவர் பின்னால் போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். போர்ட்டலில் அவரது ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் எந்தெந்த மாதம் 3பி போட்டிருக்கிறார் என்ற பட்டியல் வரும். ஜிஎஸ்டிஆர்-1 மட்டும் தவறாமல் போட்டு, 3பி-யில் இரண்டு மூன்று மாதம் பின்தங்கும் சப்ளையருக்குப் பில் தொகையில் வரிப் பகுதியை மட்டும் நிறுத்திவைத்து, 3பி போட்டதும் கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்காக 180 நாளைத் தாண்டவிடாதீர்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுத் தொகையும் கொடுக்காவிட்டால், கொடுக்காத அளவுக்கு இன்புட்டை வட்டியோடு திருப்பச் சொல்கிறது விதி 37.