கண்ணுக்குள் மறைந்திருக்கும் ப்ளஸ் பவர்

கேள்வி: எனக்கு 34 வயது. தூரத்தில் உள்ள பெயர்ப்பலகை எல்லாம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் சில மாதங்களாகப் படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுத்து கலங்குகிறது, நெற்றி வலிக்கிறது. கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுப் பவர் எதுவும் இல்லை என்கிறார்கள். இந்த வயதிலேயே வெள்ளெழுத்து வந்துவிட்டதா?

பதில்: வெள்ளெழுத்து பெரும்பாலும் நாற்பதை ஒட்டித்தான் தலைகாட்டும். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே அதே தொல்லை வந்தால், கண் பரிசோதகனாக நான் முதலில் சந்தேகிப்பது மறைந்திருக்கும் தூரப்பார்வையைத்தான். தூரப்பார்வை என்ற பெயரைக் கேட்டவுடன் தூரத்தில் உள்ளவை தெரியாத குறை என்றோ, தூரத்தில் உள்ளவை மட்டும் நன்றாகத் தெரியும் நிலை என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், பெரும்பாலும் விழியின் நீளம் சற்றுக் குறைவாக இருப்பதால், தளர்ந்த நிலையில் ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவியும் அமைப்பு அது. அதைச் சரிசெய்யும் லென்ஸ்தான் ப்ளஸ் பவர். கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை சுருங்கி, லென்ஸைத் தடிக்கச் செய்து, அந்தக் குறையை ஈடுகட்டிவிட முடியும். இளமையில் இந்த வேலை நமக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருப்பதால் தூரம் பளிச்சென்று தெரிகிறது. யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கணக்கைச் சொன்னால் இது எளிதாக விளங்கும். அவருக்கும் உங்கள் வயதுதான். ரவிக்கைகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்பவர். ஊசி முனையையும் மணியையும் 33 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டிய தொழில். காலையில் சிக்கல் இல்லை; மதியத்துக்குப் பிறகு ஜரிகைக் கோடு இரண்டாகப் பிரிவது போலத் தோன்றுகிறது, தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அது தெளிய நாலைந்து நொடி ஆகிறது என்றார். இந்த இரண்டாவது குறிப்பை நான் எப்போதும் கேட்டு வாங்குவேன். நெடுநேரம் இறுகிய தசை உடனே தளர மறுக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

தசை லென்ஸைத் தடிக்கச் செய்து பவரைக் கூட்டும் இந்த வேலைக்கு விழி ஏற்பமைவு என்று பெயர்; லென்ஸ் பவரின் அலகான டயாப்டரில் அதை அளப்போம். 33 சென்டிமீட்டரில் உள்ள பொருளைக் குவியப்படுத்தக் குறையற்ற கண்ணுக்கு 3 டயாப்டர் விழி ஏற்பமைவு தேவை. இவருக்கோ 2 டயாப்டர் தூரப்பார்வை மறைந்திருந்ததால், தூரத்தைப் பார்ப்பதற்கே 2 செலவாகி, ஊசியைப் பார்க்க மொத்தம் 5 வேண்டியிருந்தது. அவர் கண்ணின் முழுத் திறன் 7 டயாப்டர். ஏழில் ஐந்து போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. கையால் ஒரு நொடி தூக்க முடிந்த எடையை நாள் முழுவதும் தூக்கி வைத்திருக்க முடியாதது போல, இந்தத் திறனிலும் ஏறத்தாழ பாதியைத்தான் நெடுநேரம் வசதியாகச் செலவிட முடியும் என்பது எங்கள் தொழிலில் கைக்கொள்ளும் கணக்கு. அவருடைய பாதி 3.5, தேவையோ 5. இருபது வயதில் அந்தத் திறன் 10 டயாப்டருக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்பதால் அன்றைய தேவை பாதிக்குள் அடங்கியிருக்கும். பவர் புதிதாக வரவில்லை. வயதோடு லென்ஸ் மெல்ல இறுகி, கையிருப்பு தேவைக்குக் கீழே இறங்கிய நாளில் தொல்லை திடீரென வந்தது போலத் தோன்றிவிட்டது.

இனி, கம்ப்யூட்டர் இதை ஏன் காணவில்லை என்பதற்கு வருகிறேன். அந்தக் கருவிக்குள் நீண்ட சாலையின் கோடியில் ஒரு பலூனோ வீடோ தெரியும். தொலைவில் இருப்பது போன்ற படம்தான் என்றாலும், கருவி முகத்துக்கு அருகில் இருக்கிறது என்ற உணர்விலேயே பல கண்கள் தசையை இறுக்கிக்கொள்கின்றன. அந்த இறுக்கம் ப்ளஸ் பவரை விழுங்கிவிடுகிறது. சில வேளைகளில் சிறு மைனஸ் எண்ணைக்கூட அச்சிட்டுத் தருகிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு கடையில் அப்படித்தான் மைனஸ் 0.50 கண்ணாடியே செய்து கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் தலைவலி கூடியதாம். கூடாமல் என்ன செய்யும்? தசையின் சுமையில் இன்னும் அரை டயாப்டர் ஏற்றியாயிற்றே.

மறைந்ததை வெளியே கொண்டுவரும் முதல் சோதனை மிக எளியது. பார்வைப் பலகையில் இயல்பான பார்வைக்குரிய 6/6 வரிசையைப் படிக்கும் கண்ணின் முன் ப்ளஸ் 1.00 லென்ஸை வைத்தால், குறையற்ற கண்ணின் பார்வை கலங்கி பெரிய எழுத்துள்ள ஏறத்தாழ 6/18 வரிசைக்கு இறங்க வேண்டும். இவர் அந்த லென்ஸோடும் 6/9 வரிசையைத் தடுமாறாமல் படித்தார். கண் அதுவரை தானே சுமந்த வேலையை லென்ஸிடம் விட்டுவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

அடுத்து, சோதனைச் சட்டத்தில் இரண்டு கண்களுக்கும் ப்ளஸ் 3.00 போட்டு, எழுத்துகளை வேண்டுமென்றே பனிமூட்டத்தில் இருப்பது போல மங்கச் செய்தேன். அந்த நிலையில் தசையை இறுக்கினால் மங்கல் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே தசைக்குத் தளர்வதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு 0.25 வீதம் மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து, 6/6 தெளிந்த இடத்தில் நிறுத்தினேன். கிடைத்தது ப்ளஸ் 1.00. இங்கே அவசரப்பட்டு லென்ஸை மொத்தமாகக் கழற்றி மாற்றினால், இடையில் தெரியும் தெளிவுக்கு ஆசைப்பட்டுத் தசை மறுபடி இறுகிவிடும். எண் குறைவாக வரும்.

மீதியை, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் சொட்டு மருந்துதான் காட்டும். சைக்ளோபென்டோலேட் 1 சதவீத மருந்தை ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை விட்டு, நாற்பது நிமிடம் காத்திருந்து, பவரை அளக்கும் கருவியான ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் அசைத்துப் பார்த்தபோது ப்ளஸ் 2.00 இருந்தது. இந்த மருந்துக்கு முன்னால் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் இடமான முன் அறைக் கோணத்தை ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில் மருத்துவர் பார்த்தாக வேண்டும். நீளம் குறைந்த விழிகளில் அந்தக் கோணம் குறுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்மணி விரியும்போது அது அடைபட்டால் கண் அழுத்தம் சட்டென்று ஏறும். மருந்து விட்ட நாளில் அருகில் உள்ளது எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ப்ளஸ் 2.00 என்று தெரிந்ததும் அதையே எழுதிக் கொடுப்பது தவறு. இத்தனை ஆண்டுகள் இறுகியிருந்த தசை ஒரே நாளில் விட்டுக்கொடுக்காது என்பதால், கண்ணாடி போட்டவுடன் தூரம் மங்கி, அவர் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். நாங்கள் ப்ளஸ் 1.00 கொடுத்து, வேலை நேரத்தில் மட்டுமன்றி நாள் முழுவதும் அணியச் சொன்னோம். அதிலேயே தேவை ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தது. முதல் பத்து நாள் பேருந்தின் எண் லேசாகக் கலங்கியது, பிறகு தெளிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ப்ளஸ் 1.50 வரை சிரமமின்றி ஏற்றுக்கொண்டார், தேவை 3.5 ஆனது.

உங்களுக்கும் இதுவேதான் என்று நேரில் பார்க்காமல் சொல்ல இயலாது. சர்க்கரை நோய்க்குப் புதிதாக மருந்து தொடங்கி, இரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும் வாரங்களிலும் கண் தற்காலிகமாக ப்ளஸ் பக்கம் நகரும். ஒவ்வாமைக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் ஏற்பமைவைத் தளர்த்தும். ஆகவே அண்மையில் ஏதாவது மருந்து தொடங்கியிருந்தால் அதைப் பரிசோதகரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கடையில் கொடுத்த கம்ப்யூட்டர் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் மூன்று முறை அளந்த எண்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால், கண் நிலைகொள்ளாமல் இறுகித் தளர்ந்திருக்கிறது என்ற முதல் துப்பு அங்கேயே கிடைத்துவிடும்.