ராத்திரிப் பயணம், 450 கிலோமீட்டர்: பஸ்ஸா, ரயிலா?

பஸ் டிக்கெட் ரயிலைவிட ஒன்றரை மடங்கு. ரயில்தானே லாபம்?

தனியாகப் போகிறீர்களா, இருவராகவா என்று சொல்லவில்லையே. பேச்சுக்கு ரயில் டிக்கெட் 100, பஸ் 150 என்று வையுங்கள். பஸ் உங்கள் தெருமுனையிலேயே ஏற்றி, போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது; ரயில் நிலையத்துக்கோ இரண்டு ஊரிலும் வாடகை வண்டிக்கு 40, 40 ஆகிறது. தனி ஆளுக்கு ரயில் 180, பஸ்தான் மலிவு. இருவர் போனால் வண்டிக்கூலி அதே 80தான், ஆக ரயில் 280, பஸ் 300. ஆள் கூடக் கூட ரயில் பக்கம் சாயும்.

காலை 9 மணிக்கு நேர்காணல். எதை நம்பலாம்?

முதலில் அந்த ரயில் எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். உங்கள் ஊரிலேயே புறப்படும் ரயில் என்றால் நம்பலாம், எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பி வழியில் உங்களை ஏற்றிக்கொள்வது என்றால் அது வரும்போதே தாமதத்தைச் சுமந்துகொண்டு வரும். அந்த ரயில் கடந்த பத்து நாட்களில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பாருங்கள், அட்டவணையைவிட அதுதான் உண்மை பேசும். பஸ் நெடுஞ்சாலையில் நேரத்தை இழப்பது குறைவு. கிளம்பும் ஊரில் ஆள் ஏற்றிக்கொண்டே சுற்றுவதிலும், விடிந்தபின் நெரிசலில் ஊருக்குள் நுழைவதிலும்தான் போகும். 6 மணிக்குள் ஊர் எல்லையைத் தொடும் பஸ்ஸாக எடுங்கள். அதற்காக 3 மணிக்கே இறக்கிவிடுவதும் வேண்டாம், அந்த இருட்டில் எங்கே போய் உட்காருவீர்கள்?

ராத்திரி பஸ் என்றாலே அம்மா பயப்படுகிறார். நியாயமா?

நியாயம்தான். பாதுகாப்பில் ரயிலுக்குத்தான் என் ஓட்டு. பஸ்ஸில் எல்லாமே ஓட்டுநரின் கண்ணிமையில் இருக்கிறது, அதிகாலை 2 முதல் 5 வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். 90 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண்ணயர்ந்தால் வண்டி 75 மீட்டர் ஓடியிருக்கும். அதனால் பஸ்தான் என்றால் மாற்று ஓட்டுநர் உண்டா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், சும்மா 'உண்டு' என்றால் எந்த இடத்தில் மாறுவார் என்றும் கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். பெல்ட் இருந்தால் தூங்கும்போதும் போட்டிருங்கள். ஏறியதும் அவசர வழியைப் பார்த்து வையுங்கள். ஆனால் ஒன்று, வழியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ரயிலில் பையைப் பூட்டிச் சங்கிலி போடுவது அவசியம்.

பஸ்ஸில் வாந்தி வருகிறது, என்ன செய்ய?

கடைசி வரிசையைத் தொடாதீர்கள், பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் அங்கே குலுக்கல் அதிகம். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே, கீழ்ப்படுக்கை கேளுங்கள். மேலே போகப் போக ஆட்டம் கூடும். ரயிலிலும் பெட்டியின் நடுப்பகுதிதான், கழிப்பறைக் கதவுச் சத்தமும் இருக்காது. அடிக்கடி கழிப்பறை போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில்.