திரைச்சீலையில் பிளைண்ட் ஹெம்: புள்ளிகள் தெரிவது ஏன்?

"ஏற்காட்டு வீட்டுக்குப் பருத்தித் திரைச்சீலை தைக்கிறேன். வெளியே தையல் தெரியாமலிருக்கக் கீழோரத்துக்குப் பிளைண்ட் ஹெம் போட்டால் சில இடங்களில் வெளியே புள்ளி பெரிதாகத் தெரிகிறது, சில இடங்களில் துணியையே பிடிக்கவில்லை. என்ன செய்வது?"

புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் பெரிதாக இருந்தால் தையல் அகலத்தைக் குறைத்தாலே போதும். ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் பிடிக்காமலும் போவதால், மடிப்பு, தையல் இயந்திரப் பாதத்திலுள்ள வழிகாட்டித் தகட்டை விட்டு விலகி ஓடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

கீழ் மடிப்பை முதலில் இஸ்திரி போட்டு அழுத்துங்கள். பிறகு அதைத் துணியின் நல்ல பக்கத்தை நோக்கித் திருப்பி மடித்து, ஓரம் மட்டும் சுமார் 6 மி.மீ. வலப்புறம் நீட்டியிருக்குமாறு வையுங்கள். நேர்த்தையல்கள் அந்த ஓரத்தில் விழ, இடப்பக்கம் தாவும் ஒரு தையல் மட்டுமே மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழைகளைப் பிடிக்க வேண்டும். தொடங்குமுன் கைச்சக்கரத்தைச் சுழற்றி, அந்தத் தாவலில் ஊசி எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

சேலத்தில் வாங்கிய கனத்த பருத்தியில் நானும் இப்படித்தான் அவதிப்பட்டேன். 11ஆம் எண் ஊசிக்கு மாறி, மேல்நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தியதும், துணி சுருங்கி விழுந்த குழிகள் மறைந்தன. நூல் அதே நிறத்தில் கிடைக்காவிட்டால், ஒரு சாயல் அடர்ந்ததையே எடுங்கள். வெளிறிய நூல் பளிச்சென்று தெரியும்.