விமான பயமும் ராத்திரி காரும்

அன்புள்ள சார்,

அகமதாபாத் விபத்துக்குப் பிறகு விமானம் ஏற மனம் வரவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு மாதம் ஒருமுறை ராத்திரியில் நானே காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். விமானம்தான் பத்திரம் என்று எல்லோரும் சொல்வது தெரியும். ஆனால் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் குறையும்போது, விழப்போகிறோம் என்றே தோன்றுகிறது. இந்த பயம் தவறா?
- செ., மதுரை

அன்புள்ள செ.,

பயம் தவறில்லை, ராத்திரி கார்தான் தவறு. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் போயிருந்தால் இந்தப் பதிலையே எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு விஷயம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி அது நடப்பதாக மனம் கணக்குப் போட்டுவிடும். டிவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் இதற்கு அவெய்லபிலிட்டி ஹ்யூரிஸ்டிக் என்று பெயர் வைத்தார்கள். அகமதாபாத் விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள், அந்தக் காட்சியை நாம் எத்தனை முறை பார்த்தோம்! 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 460. ஆனால் அவர்கள் ஒருவர், இருவராக, உள்ளூர்ப் பக்கத்தின் மூலைச் செய்தியாகப் போய்விட்டார்கள், அதனால் யாருக்கும் நினைவில் இல்லை.

நீங்கள் செய்வதை அமெரிக்கா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2001 செப்டம்பர் 11-இல் கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்த பயணிகளும் ஊழியர்களும் 246 பேர். அதன்பின் பலர் விமானத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்டினார்கள். கிகெரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் சாலை விபத்துக் கணக்குகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்: அடுத்த 12 மாதங்களில் வழக்கத்தைவிடச் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்திருக்கிறார்கள் என்பது அவர் மதிப்பீடு. மதிப்பீடுதான், இன்னார் பயத்தால் இறந்தார் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. அதனால்தான் அந்தச் சாவுகள் யார் கண்ணிலும் படவில்லை.

சரி, எஞ்சின் சத்தம். இது வேறு கதை. ஒன்று இன்னொன்றைப் போல இருந்தால் அதுவேதான் என்று முடிவு கட்டுவது ரெப்ரசென்டேட்டிவ்னஸ் ஹ்யூரிஸ்டிக். மேட்டில் ஏறும் பஸ்ஸில் எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கினால் கோளாறு என்று நமக்குத் தெரியும், அதே அர்த்தத்தை விமானத்துக்கும் ஒட்டிவிடுகிறோம். உண்மையில் ஓடுபாதையிலிருந்து எழும்பத்தான் அதிக விசை வேண்டும். சுமார் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடிக்கு மேல் ஒவ்வொரு பயணத்திலும் விசையைக் குறைப்பார்கள், மூக்கும் லேசாகத் தாழும். மேலே ஏறும் வேகம் குறைவதை உடம்பு இறங்குவதாக எடுத்துக்கொள்கிறது, அப்போதும் விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டாலும் வயிறு கலங்கும், அதை நான் நிறுத்த முடியாது. விமானம் வேண்டாமென்றால் ரயிலில் போங்கள். காரில்தான் போவேன் என்றால், தூக்கம் அழுத்தும் பின்னிரவை மட்டுமாவது விட்டுவிட்டு விடிந்தபின் கிளம்புங்கள்.