ஸ்பீக்கர் உங்கள் காதுத் துளைக்கு நேராக இருக்கிறதா?

கேள்வி: புதிதாக புளூடூத் இண்டர்காம் வாங்கி ஹெல்மெட்டில் மாட்டினேன். 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பாட்டும் கேட்கவில்லை, வழி சொல்லும் குரலும் கேட்கவில்லை. வால்யூமை முழுசா வைத்தால் பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் கேட்கவில்லை. இதைவிட நல்ல செட் வாங்க வேண்டுமா?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இதே தொல்லையோடு நான் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். செட்டில் கோளாறு இல்லை, ஸ்பீக்கரை ஒட்டிய இடத்தில்தான் கோளாறு என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

நான் செய்ததும் எல்லோரும் செய்வதுதான். ஹெல்மெட்டின் உள்ளே காதுக்கென்று ஒரு குழி இருக்கும். அதன் நடுவில் வெல்க்ரோவை ஒட்டி, ஸ்பீக்கரை வைத்து மூடிவிட்டேன். அந்தக் குழி எல்லாருடைய தலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. உங்கள் காதுத் துளை அதன் நடுவில்தான் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என் ஹெல்மெட்டில் காதுத் துளை குழியின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 2 செ.மீ. கீழேயும் கொஞ்சம் முன்னாலும் இருந்தது. ஸ்பீக்கர் என் காதுமடலின் மேல்பகுதியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. இந்த ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 40 மி.மீ. அகலம்தான். துளையிலிருந்து விரலளவு விலகினாலே முதலில் அடித்தொனி போய்விடும், அப்புறம் பேச்சின் தெளிவு போகும். நாம் செட் சரியில்லை என்று நினைத்து வால்யூமை ஏற்றுவோம்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வண்டியில் ஏறாமல், வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஸ்பீக்கரை வெல்க்ரோவில் லேசாக மட்டும் ஒட்டிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அடித்தொனி நன்றாக உள்ள ஒரு பாட்டைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். ஹெல்மெட்டின் அடிப்பக்கம் வழியாக ஒரு விரலை நுழைத்து, ஸ்பீக்கரை மேலும் கீழும் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் வால்யூமைத் தொடாமலே பாட்டு திடீரென்று கனத்து, பக்கத்தில் வந்த மாதிரி கேட்கும். அதுதான் உங்கள் இடம். ஹெல்மெட்டைக் கழற்றி அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி அமைவதில்லை.

அடுத்தது இடைவெளி. குழி ஆழமாக இருந்தால் ஸ்பீக்கர் காதிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளி அடியில் கிடக்கும். பெட்டியோடு வட்டமான பஞ்சுத் துண்டுகள் சில கொடுத்திருப்பார்கள், பலரும் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஸ்பீக்கரைக் காதருகே கொண்டுவரத்தான் அவை. பின்னால் ஒன்றோ இரண்டோ வையுங்கள். ஸ்பீக்கரின் மேலுறை காதுமடலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்துகிறதா என்பது போட்டவுடனே தெரியாது. இருபது நிமிடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். காது சுடுவது போலவோ மடல் நோவதாகவோ இருந்தால் ஒரு பஞ்சை எடுத்துவிடுங்கள். வலியோடு ஓட்டினால் கவனம் முழுக்கக் காதில்தான் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழி போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கைச் செதுக்காதீர்கள். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். செதுக்கிய இடத்தில் வாங்கிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது, போதாததற்கு ஸ்பீக்கரின் கெட்டியான விளிம்பும் அங்கேயே இருக்கும். உங்கள் ஹெல்மெட்டில் ஸ்பீக்கருக்கு இடமே இல்லையென்றால், குழியுள்ள வேறு ஹெல்மெட்தான் வழி. கன்னத்துப் பஞ்சைக் கழற்றி, வயரை அதற்குப் பின்னால் படிய விட்டு மறுபடி மாட்டுவதில் ஆபத்து எதுவும் இல்லை.

என் கதையில் இந்த ஒரு மாற்றத்துக்கே 15 படிகளில் 15-இல் வைத்திருந்த வால்யூம் 9-க்கு வந்தது. அதே வேகம், அதே ஹெல்மெட், அதே செட்.

மீதிக்குக் காரணம் காற்று. சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் நாம் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி எஞ்சினிலிருந்து வருவதில்லை. கழுத்துப் பக்கம் திறந்திருக்கும் அடிவாய் வழியாகவும், வைசர் சரியாகப் படியாத இடுக்கு வழியாகவும் சுழலும் காற்றுதான் அது. நெடுஞ்சாலை வேகத்தில் இது 90 டெசிபலைத் தாண்டிவிடும். தொழிற்கூடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைத்த அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அதாவது 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். இந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றினால் காதுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் காற்றைக் குறைப்பதுதான் முதல் வேலை.

கழுத்தைச் சுற்றி ஒரு துணிக்குழாய் போட்டு, ஹெல்மெட்டின் அடிவாயை நிரப்புகிற மாதிரி மேலே இழுத்துவிடுங்கள். தாடைக்குக் கீழே மாட்டும் துணித் திரை ஹெல்மெட்டோடு வந்திருந்தால் அதையும் மாட்டுங்கள். வண்டியில் முன்கண்ணாடி இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அதன் மேல்விளிம்பைத் தாண்டி வரும் கலங்கிய காற்று நேராக ஹெல்மெட்டில் மோதலாம். ஆளில்லாத நேரான சாலையில், மிதமான வேகத்தில், இருக்கையிலிருந்து ஓரங்குலம் எழுந்தோ குனிந்தோ பாருங்கள். இரைச்சல் சட்டென்று மாறினால் கண்ணாடியின் உயரம்தான் காரணம். எனக்குக் கழுத்துத் துணி மட்டுமே போதுமானதாக இருந்தது, வால்யூம் 7-க்கு இறங்கியது.

'சத்தம் நீக்கும் வசதி' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலான இண்டர்காம்களில் அது மைக்கில் நுழையும் காற்றிரைச்சலை எதிர்முனைக்குப் போகாமல் தடுப்பதுதான். உங்கள் காதில் விழும் காற்றை அது குறைக்காது. அந்த மைக்கின் பஞ்சு உறை கழன்று விழுந்துவிட்டால் மட்டும் உடனே வேறு போடுங்கள். உறையில்லாத மைக்கில் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் போகும். குரல் கேட்டுத் திறக்கும் அமைப்பில் காற்றே குரல் போலப் பட்டு இணைப்பைத் திறந்துவிடும்.

இப்போது ஹாரன் விஷயம். உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். வால்யூம் 15-இல் இருந்த நாட்களில் ஒரு முறை தடம் மாறப் போனேன். கண்ணாடியில் ஒரு லாரியின் முகப்பு முழுசாகத் தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். பின்னால் வந்த நண்பன் வண்டியை நிறுத்தியதும் முதலில் கேட்டது, "மூணு தடவ ஹாரன் அடிச்சான்டா, உனக்குக் கேக்கவே இல்லையா?" என்பதுதான். கேட்கவில்லை. காற்றிரைச்சல் பெரும்பாலும் அடித்தொனி. அது பலமாக இருக்கும்போது அதைவிட உயர்ந்த ஒலிகளையும் சேர்த்து மூடிவிடும். அதற்கு மேல் பாட்டையும் ஏற்றினால் ஹாரன் நுழைய இடுக்கே இருக்காது.

ஆகவே நான் வால்யூமை ஓடும்போது அளப்பதில்லை, நிற்கும்போது அளக்கிறேன். சிக்னலில் வண்டி நின்றதும் பாட்டு அலறுகிற மாதிரி இருந்து கை தானாகக் குறைக்கப் போனால், அதுவரை அளவு மீறி வைத்திருந்தேன் என்று அர்த்தம். நின்ற இடத்தில் பாட்டு ஓடும்போதே பக்கத்து வண்டிக்காரர் சாதாரணமாகப் பேசுவது புரிய வேண்டும். ஓடும்போது உங்கள் எஞ்சின் சத்தத்தை வைத்தே கியர் மாற்ற முடிய வேண்டும். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் வால்யூமை இரண்டு படி குறைக்க வேண்டும். வேகம் ஏற ஏறத் தானாக வால்யூமைக் கூட்டும் வசதி சில செட்களில் இருக்கிறது. நான் அதை அணைத்துவிட்டேன், ஏனென்றால் எவ்வளவு ஏறியது என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

வால்யூமைச் சரியாக வைத்தாலும், ஹாரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஹெல்மெட் குழப்பிவிடும். ஹாரன் கேட்டதும் எந்தப் பக்கம் என்று காதிடம் கேட்காமல் இரண்டு கண்ணாடியையும் பாருங்கள். நெரிசலான தெருவில் நான் பாட்டை நிறுத்திவிடுவேன், வழி சொல்லும் குரல் மட்டும் ஓடும். அங்கே மின்சார வண்டி, சைக்கிள் மணி, ஓடிவரும் குழந்தையின் குரல் எல்லாமே சன்னமான ஒலிகள். நண்பனோடு பேசிக்கொண்டே போகும்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது "இரு" என்றால் மற்றவர் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் வாயை மூடிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

ஹெல்மெட்டுக்குள் காதில் செருகும் இயர்பட் போடலாமா என்று அடுத்து நினைக்கத் தோன்றும். நான் போடுவதில்லை. அது காதுத் துளையை அடைத்துவிடும், ஹெல்மெட்டை இறக்கும்போது உள்ளே அழுந்தும், பாதி வழியில் நழுவினால் சரிசெய்யக் கையும் போகாது. சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. பிரான்சில் 2015 முதல் காதில் செருகும் கருவிகளோடு ஓட்டுவதற்குத் தடை இருக்கிறது, ஹெல்மெட்டிலேயே பொருத்தியவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 60-இல் குரல் புரியவில்லையென்றால், ஸ்பீக்கர் வயரின் முள் செட்டில் முழுசாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி செருகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், அல்லது இரண்டு பக்கமும் மங்கலாகக் கேட்கும். அதுவும் சரியாக இருந்தால் ஸ்பீக்கர் ஜோடியை மட்டும் மாற்றலாம். பல செட்களில் அது தனியாகக் கழன்று வரும். வாங்கும் முன் அதன் தடிமன் உங்கள் காதுக் குழியில் அடங்குமா என்று அளவுகோலால் அளந்துவிடுங்கள்.